மொழி நாள் போட்டிக்குத் தமிழைப் போற்றி ஒரு கவிதை: எளிமையாகவும் வேண்டும், கண்ணியமாகவும் வேண்டும்

லயத்து மகன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் தாய்மொழி நாளை ஒட்டி ஒரு கவிதைப் போட்டி வைக்கிறார்கள். நான் பொதுப் பிரிவில் எழுதப் போகிறேன். விதி சுருக்கமானது: தமிழைப் போற்றி எழுத வேண்டும், 16 வரிக்கு மேல் போகக் கூடாது, "எளிய சொல்லும் கண்ணியமான நடையும்" வேண்டும். மரபா புதுக்கவிதையா என்று சொல்லவில்லை.

நான் செம்பனை ஆலையில் எடை மேடைக் கணக்கு பார்ப்பவன். இலக்கணம் படித்தது படிவம் 5 வரைக்கும்தான். தொடக்கம் இப்படி வந்திருக்கிறது:

அமுதே! தேனே! ஆருயிர்த் தமிழே!
கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே பிறந்தவளே!
முத்தே! மணியே! முக்கனிச் சாறே!
மூவேந்தர் மடிதவழ்ந்த மூத்தமொழித் தாயே!
தோட்டத்தில் வாழ்ந்தாலும் தூயதமிழ் காப்போம்!
உன்னடி பணிந்தோம் உலகாள்வாய் நீயே!

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரியும் இருக்கிறது. எப்படிச் சரி செய்வது?

புலவர்வழி (சுங்கை பட்டாணி)

நல்ல முயற்சி, தம்பி. ஆனால் யாப்பு இல்லாமல் கண்ணியம் வராது. போட்டி என்றால் வெண்பாதான். நடுவர்கள் முதலில் பார்ப்பது தளை தட்டுகிறதா என்பதைத்தான். நான்கு வரியில் ஒரு நேரிசை வெண்பா எழுதி அனுப்புங்கள், பரிசு உங்களுக்கு. 'கல்தோன்றி' வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், தமிழின் தொன்மைக்கு அதைவிடச் சான்று கிடையாது. பிறமொழிச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது.

கோமதி (தெலுக் இந்தான்)

என் மகனும் போன வருடம் மொழி நாள் போட்டியில் கலந்துகொண்டான். ஐந்தாம் ஆண்டு படித்தான் அப்போது. கை அசைவுக்குத் தனியாகப் புள்ளி உண்டு என்று சொன்னார்கள், நாங்களும் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கினோம். மேடையில் ஏறியதும் 'அமுதே' என்று இரண்டு கையையும் தூக்கினான், அதோடு அடுத்த வரி மறந்துவிட்டது! அதனால் கை அசைவைக் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மூச்சு எங்கே விடுவது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தாப்பா டீச்சர்

கோமதி, இது எழுதும் போட்டி, ஒப்புவிக்கும் போட்டி இல்லை. ஆனாலும் மூச்சுக் கோடு விஷயத்தை மறக்காமல் வைத்திருங்கள், பிறகு உதவும்.

லயத்து மகன் தம்பி, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இப்படிப்பட்ட கவிதைகளுக்கு நடுவராக உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். கட்டில் பத்துத் தாள் இருந்தால் எட்டு 'அமுதே, தேனே' என்றுதான் தொடங்கும். உங்கள் ஆறு வரியில் 'ஏ' போட்டு விளிக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், கூப்பிட்டு என்ன சொல்ல வந்தீர்கள் என்பது வரவே இல்லை. ஐந்தாம் வரியில் 'காப்போம்' வருகிறது. அது வாக்குறுதி, போற்றுதல் இல்லை.

'கல்தோன்றி' வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் பாடியது, கரந்தைப் படலத்தில் வருகிறது. 'கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளொடு முன்தோன்றி மூத்த குடி' என்பதுதான் அதன் முடிவு. ஆநிரையை மீட்கப் போகும் மறவரின் குடிப்பெருமையைப் பாடுகிறது. மொழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நடுவில் 'வாளொடு' என்று இருக்கிறது பாருங்கள். மேடையில் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் அது தமிழ் மொழியைச் சொல்வது போலத் தோன்றுகிறது. விவரம் தெரிந்த நடுவர் இருந்தால் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்.

வெண்பாவும் வேண்டாம் என்பேன். அதன் தளைக்காகச் சொல்லைத் திருகுவீர்கள், எளிமை போய்விடும். புறநானூறும் குறுந்தொகையும் பெரும்பாலும் அகவலில்தான் இருக்கின்றன. ஆசிரியப்பா என்பதும் அதைத்தான். வரிக்கு நான்கு சீர், சீருக்குப் பெரும்பாலும் இரண்டு அசை, கடைசிக்கு முந்திய வரியில் மட்டும் மூன்று சீர், முடிவில் ஏகாரம். பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும், ஆனாலும் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் கேட்ட இரண்டும் அதில் கிடைக்கும்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தமிழ் எந்த வேலைக்குப் பயன்பட்டது? பெருமை வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.

லயத்து மகன்

டீச்சர், இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அம்மா பால்வெட்டுக்காரி. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. சம்பள நாளில் ஆபீஸ் கிராணி பெரிய பதிவேட்டை நீட்டுவார், அம்மா கட்டை விரலை மையில் தோய்த்து ஓரத்தில் வைப்பார். வீட்டுக்கு வந்து முந்தானையில் எவ்வளவு தேய்த்தாலும் நீலம் போகாது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவின் பெயரை எழுதிக் காட்டினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினார். ஒரு சம்பள நாளில் கிராணி மைப்பெட்டியை நகர்த்தினார், அம்மா பேனாவைக் கேட்டு வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தாப்பா டீச்சர்

கவிதை முடிந்துவிட்டது தம்பி, வரிகள்தான் பாக்கி.

அமுது, தேன், மூவேந்தர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே அகவலில் வையுங்கள். தொடக்கத்துக்கு நான் ஒன்று போட்டுப் பார்த்தேன், மாற்றிக்கொள்ளலாம்:

விடியுமுன் எழுந்து விளக்கினை ஏற்றி
நெடுமரம் நின்ற வரிசையில் நடந்த
அன்னை கையோ அறிந்தது உளியே

முதல் வரியில் விடி, விளக்கு என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனையில் சேர்கின்றன. மூன்றாம் வரியில் அன்னை, அறிந்தது. எதுகை ஒவ்வொரு வரிக்கும் வேண்டும் என்ற கட்டாயம் அகவலில் இல்லை, தானாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சொல்லைத் தேடிப் போனால் திரும்பவும் முக்கனிச் சாறுக்கே வந்து சேர்வீர்கள்.

லயத்து மகன்

டீச்சர், இரண்டு இடம் உறுத்துகிறது. 'விளக்கினை ஏற்றி' என்றால் சாமி விளக்கு ஏற்றுவது மாதிரி இருக்கிறது. அம்மா விளக்கை நெற்றியில் கட்டுவார். 'விளக்கைக் கட்டி' என்று போடலாமா? அப்புறம் தோட்டத்தில் யாரும் வரிசை என்று சொல்ல மாட்டோம், நிரை என்றுதான் சொல்வோம். 'உன் நிரை எங்கே, என் நிரை எங்கே' என்றுதான் பேச்சு.

தாப்பா டீச்சர்

இரண்டும் நல்ல திருத்தம். 'விளக்கைக் கட்டி' சீர் கெடாமல் உட்காருகிறது. 'நெடுமரம் நின்ற நிரையில் நடந்த' என்று ஆகும்போது நெ, நி, நி என்று மோனையும் கூடிவிட்டது. தோட்டத்துச் சொல் எவ்வளவு பழைய சொல்லாக இருக்கிறது பாருங்கள். இந்த மாதிரிச் சொல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எளிமையும் கண்ணியமும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

ரவாங் இளையவன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் புதுக்கவிதை எழுதுகிறவன், யாப்பு எனக்கு ஒத்துவராது. ஆனால் ஒரு வாசகனாகச் சொல்கிறேன். நெடுமரம், உளி இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குச் சிற்பியும் தச்சனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நான் பட்டணத்தில் வளர்ந்தவன், பால்வெட்டும் உளி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இது ரப்பர்த் தோட்டம் என்று ஓர் இடத்திலாவது சொல்ல வேண்டாமா? 'ரப்பர்' என்றே போட்டால் என்ன?

புலவர்வழி

ரப்பரா! தமிழைப் போற்றும் கவிதையில் ரப்பர் வந்தால் அது போற்றுதலா தூற்றுதலா? முடியவே முடியாது.

வெண்பாமாலை விஷயத்தில் டீச்சர் சொன்னதைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், கரந்தைப் படலம்தான். ஆனாலும் குடி மூத்தது என்றால் அது பேசிய மொழியும் மூத்ததுதானே? அந்த வரி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தாப்பா டீச்சர்

உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது ஐயா. ஆனால் அதைக் கவிதைக்குள் விளக்க முடியாது, மேடையில் வேண்டுமானால் பேசலாம்.

இளையவன் சொன்னது சரியான இடம். உளி தவறாகப் போய்விட்டால் பிறகு வரும் கைநாட்டும் கையெழுத்தும் வலுவிழக்கும். இதற்கு ரப்பர் தேவையில்லை, தோட்டத்தில் பால்மரம் என்றே சொல்கிறோமே. 'பால்மரம் நின்ற நிரையில் நடந்த' என்று வையுங்கள். விடி, நெடு என்று அரைகுறையாக இருந்த எதுகை போய்விடும், முதல் சீரின் மோனையும் போய்விடும். போகட்டும், நின்ற நிரை போதும். மூன்றாம் வரியில் உளி வரும்போது யாரும் சிற்பியைத் தேட மாட்டார்கள்.

ரப்பர் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டால் போடலாம். இங்கே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

லயத்து மகன்

இரவு ஷிப்டில் லாரி வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'ஒப்பம்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

விடியுமுன் எழுந்து விளக்கைக் கட்டி
பால்மரம் நின்ற நிரையில் நடந்த
அன்னை கையோ அறிந்தது உளியே;
எழுதுகோல் அறியா திருந்தது பலநாள்.
மைதோய் விரலை மாதந் தோறும்
பதிவேட் டோரம் பதித்துச் சென்றாள்.
பள்ளியில் கற்ற பாடம் கொண்டு
பிள்ளைநான் அவள்பேர் பிழையறக் காட்டினேன்.
ஒவ்வோர் எழுத்தாய் ஊன்றி எழுதி
அடுத்த சம்பள நாளில் அன்னை
ஒப்பம் இட்டாள் உன்னெழுத் தாலே.
அன்றவள் நிமிர்ந்தாள் தமிழே
இன்றும் எனக்கது போதும் புகழே.

தாப்பா டீச்சர்

கடைசிக்கு முந்திய வரியை மூன்று சீரோடு நிறுத்தியிருக்கிறீர்கள், நேரிசை ஆசிரியப்பா சரியாக அமைந்துவிட்டது. 'உன்னெழுத்தாலே' என்னும் இடம் வரைக்கும் தமிழை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. பத்து வரி அம்மாவைப் பார்த்துக்கொண்டே போய், பதினோராவது வரியில் 'உன்' என்று திரும்புகிறீர்கள். முதலில் எழுதிய எல்லா 'ஏ'யையும்விட இந்த ஒரு 'உன்' அதிகம் செய்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 'அறியா திருந்தது' என்று பிரித்து எழுதினால் இன்றைய கண் 'திருந்தது' என்றே படிக்கும், யாரோ திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். சீருக்காகச் சொல்லை உடைப்பது பழைய ஏட்டு வழக்கம். உங்கள் விதி எளிமை என்கிறது. 'அறியாது இருந்தது', 'பதிவேட்டு ஓரம்', 'உன் எழுத்தாலே' என்று தாளில் முழுதாக எழுதுங்கள். வாசிக்கும்போது சேர்த்து வாசித்தால் ஓசை தானாக வந்துவிடும். முழுதாக எழுதினால் நான்காம் வரியில் எ, இ என்ற மோனையும் கண்ணுக்குத் தெரியும். கோமதியின் பென்சில் கோடு இங்கேதான் உதவும். வாய்விட்டுப் படித்து, மூச்சு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். சீரின் நடுவில் மூச்சு முட்டினால் அந்தச் சீரில் ஏதோ இடிக்கிறது என்று பொருள்.

புலவர்வழி

தம்பி, மனத்தைத் தொட்டுவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இது அம்மாவைப் பற்றிய கவிதையா, தமிழைப் பற்றிய கவிதையா? தமிழ் என்ற சொல் பன்னிரண்டாம் வரியில்தான் வருகிறது. நடுவர் அவசரமாகப் படித்தால் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று தள்ளிவைத்துவிடுவார். தொடக்கத்திலேயே ஒரு 'தமிழே' போட்டுவிடுங்கள்.

ரவாங் இளையவன்

போட்டால் அந்தத் திருப்பம் செத்துவிடும் ஐயா. முதல் வரியிலேயே யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் பதினோராம் வரியில் என்ன மிச்சம்?

தாப்பா டீச்சர்

இதில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புலவர் ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. ஒரே பிற்பகலில் கட்டுக் கட்டாகத் தாள் பார்க்கும்போது முதல் மூன்று வரியிலேயே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும், நானே அப்படிச் செய்திருக்கிறேன். வரிகளைத் தொடாமல் தலைப்பை மாற்றலாம். 'ஒப்பம்' என்பதற்குப் பதில் 'தமிழில் ஒரு கையொப்பம்' என்று வைத்தால் வாசகருக்குத் திசை தெரிந்துவிடும், திருப்பமும் பாதிக்கு மேல் பிழைக்கும். ஆனால் 'ஒப்பம்' என்ற ஒற்றைச் சொல்லின் அழகு போய்விடும்.

கோமதி

அண்ணா, இதை என் மகன் இந்த வருடம் ஒப்புவிக்கலாமா? கை அசைவே வேண்டியிருக்காது போல. கட்டை விரலைக் காட்டினால் போதும்.

லயத்து மகன்

தாராளமாக, தங்கச்சி. போட்டி முடிந்த பிறகு.

தலைப்பு 'தமிழில் ஒரு கையொப்பம்' என்றே இருக்கட்டும் டீச்சர். உடைத்த சொற்களை எல்லாம் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியில் 'எனக்கது' என்று இருக்கிறது. எழுதும்போது 'உனக்கது' என்றும் ஒரு முறை வந்தது: 'இன்றும் உனக்கது போதும் புகழே.' தமிழைப் பார்த்து, உனக்கு அந்தப் புகழ் போதும் என்று சொல்வது. எது நல்லது?

புலவர்வழி

'எனக்கது'. இன்றும், எனக்கது என்று இ, எ மோனை கிடைக்கிறது. 'உனக்கது' போட்டால் மோனை போய்விடும். அதோடு தமிழுக்கு இவ்வளவு புகழ் போதும் என்று அளவு கட்ட நாம் யார்? மரியாதைக் குறைவு.

ரவாங் இளையவன்

'உனக்கது'தான். போற்றுவது தமிழை. 'எனக்கு' என்றால் கவிஞர் தன்னைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். 'உன் எழுத்தாலே' என்று திரும்பிவிட்டு மறுபடி 'எனக்கு' என்று ஏன் போக வேண்டும்?

தாப்பா டீச்சர்

நான் 'எனக்கது' பக்கம், ஆனால் மோனைக்காக இல்லை. உலகம் தமிழுக்கு என்னென்னவோ புகழ் சொல்கிறது. அதில் ஒரு மகனுக்கு இது ஒன்று போதும் என்பதுதான் அடக்கமாக இருக்கிறது. 'உனக்கது' கொஞ்சம் துணிச்சலான வரி. எல்லா நடுவரும் அந்தத் துணிச்சலை ரசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. எழுதியது நீங்கள், முடிவும் உங்களுடையது.

லயத்து மகன்

வெள்ளிக்கிழமைக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு 'எனக்கது' என்றே தட்டச்சு செய்துவிட்டேன். இளையவன் தம்பி சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, கொடுப்பதற்குள் மாற்றினாலும் மாற்றுவேன்.